முத்து ஏன் ஆறு கேள்விக்குறி ஆனாரு?

"தமிழ்ல பேரு போட்டா சிஸ்டம் எடுக்காதுங்க. இங்கிலீஷ்லயே அடிச்சுக் குடுத்துடுங்க."

இந்த வசனத்த நீங்களும் எங்கயாவது கேட்டிருப்பீங்க மக்களே. பள்ளிக்கூடத்து மாணவர் பட்டியலோ, சங்கத்து உறுப்பினர் பட்டியலோ, கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பற முகவரிப் பட்டியலோ, முதல்ல எக்செல்ல தான் இருக்கும். அத சிஎஸ்வியா மாத்தி வேற எங்கயோ ஏத்தச் சொல்லுவாங்க. ஏத்தினதும் பேரெல்லாம் கேள்விக்குறி, எண்ணுக்கு முன்னாடி இருந்த பூஜ்யத்தக் காணோம், தேதி தலைகீழ். உடனே தீர்ப்பு வந்துடும்: குத்தவாளி தமிழ். தண்டனை: முத்து இனிமே Muthu.

நான் பொட்டி தட்டிப் பொழைக்கறவன். இந்த மாதிரிக் கோப்புகளோட தான் தினமும் மாரடிக்கறேன். அந்த உரிமையில சொல்றேன், இந்தத் தீர்ப்பு தப்பு. தமிழ் மேலயும் தப்பில்ல, பாவப்பட்ட சிஎஸ்வி மேலயும் தப்பில்ல. ரெண்டு வெவ்வேற இடத்துல ரெண்டு வெவ்வேற கொலை நடக்குது. தமிழ் சாகறது எக்செல்லுல இருந்து வெளிய போகும்போது. பூஜ்யமும் தேதியும் சாகறது எக்செல்லுக்குள்ள வரும்போது. இத ஒண்ணாக் குழப்பிக்கறதால தான் பத்து வருசமா வைத்தியம் பாத்தும் வியாதி போக மாட்டேங்குது.

முதல்ல சிஎஸ்வின்னா என்னன்னு பாத்துடுவோம். நோட்பேடுல திறந்தா என்ன தெரியுதோ அது தான் சிஎஸ்வி. வரிக்கு வரி எழுத்து, நடுவுல காற்புள்ளி, அவ்ளோ தான். அதுக்கு ஓரளவு இலக்கணம் எழுதின RFC 4180 வந்ததே 2005ல தான். இது எண், இது தேதி, இது வெறும் எழுத்துன்னு சொல்லி வைக்க அந்தக் கோப்புக்குள்ள இடமே கிடையாது. எந்த எழுத்துமுறையில எழுதியிருக்குன்னு சொல்றதுக்கும் இடமில்ல. அதனால எழுதறவன் ஒழுங்கா எழுதணும், படிக்கறவன் ஊகிக்காமப் படிக்கணும். எக்செல் ரெண்டையும் செய்யாது, நாம சொன்னா தான் செய்யும்.

கைக்கு அடக்கமா ஒரு பட்டியல் எடுத்துக்குவோம். பேரும் எண்ணும் சும்மா அடிச்சது.

```
எண்,பெயர்,கதவு எண்,சேர்ந்த தேதி,அடையாள எண்
000417,முத்து,3/12,05-03-2024,123456789012
000418,வள்ளி,14/2,13-03-2024,123456789013
```

எக்செல்ல இது ஒழுங்கா இருக்குன்னு வெச்சுக்குங்க. தேதியத் தவிர எல்லாப் பத்தியும் Text வடிவத்துல அடிச்சது. இப்போ Save As போய், `CSV (Comma delimited)` தேர்ந்தெடுத்து சேமிக்கறோம். கோப்புல போய் விழறது இது:

```
000417,??????,3/12,05-03-2024,123456789012
000418,?????,14/2,13-03-2024,123456789013
```

பூஜ்யம் பத்திரம், கதவு எண் பத்திரம், பன்னெண்டு இலக்கமும் பத்திரம். செத்தது பேரு மட்டும் தான். முத்து ஆறு கேள்விக்குறி, வள்ளி அஞ்சு. நாம முத்துன்னு மூணு எழுத்தா பாக்கறத, யூனிகோட் ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறின்னு ஆறா வெச்சிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி.

ஏன் இப்படி? அந்த சாதா சிஎஸ்வி விண்டோஸோட பழைய 'ஆன்சி' அட்டவணையில தான் எழுதும். நம்ம ஊரு கணினிகள்ல அது பெரும்பாலும் 1252ங்கற மேற்கு ஐரோப்பிய அட்டவணை. அதுல இல்லாத எழுத்து வந்தா கேள்விக்குறி போட்டுட்டுப் போயிடும். கிரேக்கத்துக்கு 1253, அரபிக்கு 1256, தாய்லாந்து மொழிக்கு 874னு தனி அட்டவணை இருக்கு. அந்த ஊருக்காரங்க பொட்டியில சாதா சிஎஸ்வியும் ஓரளவு ஒப்பேத்திடும். தமிழுக்கு விண்டோஸ்ல அப்படி ஒரு அட்டவணையே கிடையாது, நேரா யூனிகோட் தான். ஆக "சிஸ்டம் எடுக்கல"ங்கறது உண்மையில "நீங்க பழைய கதவுல அனுப்பினீங்க"ங்கறது தான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, யூனிகோட்ல தமிழ் 1991ல வந்த முதல் பதிப்புலயே இருக்கு. எக்செல் 97லயே கோப்புக்குள்ள யூனிகோட் வந்தாச்சு. ஆனா `CSV UTF-8`னு ஒரு தேர்வ சேமிக்கற பட்டியல்ல பாக்க, எக்செல் 2016 காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுக்கு முன்னாடி இருந்தவங்க Unicode Textனு சேமிச்சு, அத நோட்பேடுல திறந்து, டேப காற்புள்ளியா மாத்தி... அத விடுங்க, பழங்கதை.

இன்னொரு கூத்து. பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வெச்சிருக்கவங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. பாமினியில முத்துன்னு தெரியறது கோப்புல `Kj;J`. எல்லாமே ஆங்கில எழுத்துங்கறதால சாதா சிஎஸ்வியில சேதாரமில்லாமப் போயிடும். "பாத்தியா, யூனிகோட் தான் தொல்லை"ன்னு இதையே சாட்சியாக் காட்டறவங்க இருக்காங்க. ஐயா, அது தமிழே இல்ல, தமிழ் வேசம் போட்ட ஆங்கிலம். எழுத்துரு இல்லாத பொட்டிக்குப் போனா வேசம் கலைஞ்சுடும். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. இருபது வருசம் முன்னாடி எ-கலப்பை நிறுவி நாம கஷ்டப்பட்டு ஏறி வந்த படிய, ஒரு சேமிக்கற பட்டியல்ல தப்பான வரியத் தேர்ந்தெடுத்ததுக்காக இறங்கச் சொல்றாங்க.

சரி, எக்செல் எச்சரிக்கலையான்னு கேப்பீங்க. மேல மஞ்சப் பட்டையில POSSIBLE DATA LOSSனு ஒண்ணு வரலாம். ஆனா அது முழுக்க ஆங்கிலத்துல இருக்கற சிஎஸ்விக்கும் அதே மாதிரி தான் கத்தும். புலி வருது கதை. நிஜமா பேரெல்லாம் அழிஞ்சப்ப, "இத்தனை எழுத்து போச்சு"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. அதவிட மோசம், சேமிச்ச பிறகும் திரையில முத்து முத்தாவே நிப்பாரு, ஏன்னா திரையில இருக்கறது நினைவகத்துல இருக்கற பிரதி. மூடிட்டுத் திரும்பத் திறந்தா தான் ஆறு கேள்விக்குறி. அதுக்குள்ள நாம வீட்டுக்குப் போயிருப்போம்.

இப்போ ரெண்டாவது கொலைக்கு வருவோம். நாம புத்திசாலித்தனமா `CSV UTF-8`ல சேமிச்சு அனுப்பினோம்னு வைங்க. கோப்பு சுத்தம். வாங்கினவரு அத ரெட்டைச் சொடுக்குல திறக்கறாரு, ஒரு எழுத்துப்பிழையத் திருத்தறாரு, கண்ட்ரோல் எஸ் அடிக்கறாரு. முடிஞ்சது:

```
417,முத்து,03-Dec,05-03-2024,1.23457E+11
418,வள்ளி,14-Feb,13-03-2024,1.23457E+11
```

இந்த தடவ தமிழ் பொழச்சுக்கிச்சு, மத்ததெல்லாம் காலி. எண்ணு மாதிரி இருந்தா எண்ணுன்னு எக்செல் ஊகிச்சுக்குது. எண்ணுக்கு முன்னாடி பூஜ்யம் எதுக்குன்னு தூக்கிடுது. மேற்கோள் குறிக்குள்ள `"000417"`னு குடுத்தாலும் அதே கதி தான். கோப்புல மேற்கோள் இருக்கறது காற்புள்ளியப் பாதுகாக்கத் தானே தவிர, "இது எழுத்து"ன்னு சொல்றதுக்கு இல்ல. பழைய எண் 3, புது எண் 12னு இருந்த வீட்டு விலாசம் டிசம்பர் 3 ஆயிடுச்சு. பன்னெண்டு இலக்க எண்ண திரையில சுருக்கி `1.23457E+11`னு காட்டுது. திரையில என்ன தெரியுதோ அதையே சிஎஸ்வியில எழுதற வழக்கம் இருக்கறதால, ரெண்டு பேருக்கும் ஒரே அடையாள எண் ஆயிடுச்சு. ஆதாரும் பன்னெண்டு இலக்கம்ங்கறத ஞாபகம் வெச்சுக்குங்க. பதினஞ்சு இலக்கத்துக்கு மேல போனா இன்னும் மோசம், பதினாறாவதுல இருந்து பூஜ்யமாவே மாத்தி வெச்சுக்கும்.

தேதி தப்பிச்ச மாதிரி தெரியுது இல்லையா? அது திறந்த பொட்டி இந்திய அமைப்புல இருந்ததால. அதே கோப்ப அமெரிக்க அமைப்பு இருக்கற பொட்டியில திறந்தா 05-03-2024 சத்தமில்லாம மே 3 ஆயிடும். 13-03-2024க்குப் பதிமூணாவது மாசம் இல்லாததால வெறும் எழுத்தா நின்னுடும். கண்டுபிடிக்கறது சுலபம்: தேதிப் பத்தியில சில வரிகள் வலது பக்கமும் சில வரிகள் இடது பக்கமும் ஒட்டியிருந்தா, வலது பக்கம் இருக்கறது மாறிப்போயிருக்கு. இடது பக்கம் இருக்கறது தான் மாறாம நிக்குது. பெரும்பாலானவங்க இடது பக்கம் இருக்கறதத் 'திருத்தி', சரியா இருந்ததையும் கெடுப்பாங்க.

ஆக செய்ய வேண்டியது இது தான். வெளிய அனுப்பும்போது, மூலக் கோப்ப `.xlsx` ஆவே பத்திரமா வெச்சுக்குங்க. சிஎஸ்விங்கறது அதோட நகல், அவ்ளோ தான். எண் பத்திகள அடிக்கறதுக்கு முன்னாடியே Text ஆக்கிடுங்க. பூஜ்யம் ஏற்கனவே போயிருந்து, எத்தனை இலக்கம்னு தெரிஞ்சா, Custom வடிவத்துல `000000` குடுங்க. திரையில தெரியறது தான் கோப்புக்குப் போகும்னு சொன்னேன் இல்ல, அந்த வழக்கம் இங்க நமக்குச் சாதகம். பன்னெண்டு இலக்க எண் சுருங்கித் தெரிஞ்சா வடிவம் வெறும் `0`. தேதிப் பத்திக்கு `yyyy-mm-dd`. ஆண்டு முதல்ல வந்துட்டா எந்த ஊரு பொட்டியும் மாசத்தையும் நாளையும் மாத்திப் படிக்காது. கடைசியா `CSV UTF-8`. சரி பாக்கறதுக்கு எக்செல்லத் தொடவே தொடாதீங்க, நோட்பேடுல திறங்க. அங்க பேரு, பூஜ்யம், தேதி மூணும் சரியா இருந்தா உங்க வேலை முடிஞ்சது. கீழ மூலையில `UTF-8 with BOM`னு இருக்கும். `ANSI`ன்னு இருந்தா திரும்பப் போய் ஒழுங்காச் சேமிங்க.

உள்ள எடுக்கும்போது ரெட்டைச் சொடுக்கு கூடவே கூடாது. காலிப் பக்கத்தத் திறந்து Data, அப்புறம் From Text/CSV. வர்ற சன்னல்ல File Origin `65001: Unicode (UTF-8)`. Data Type Detectionல `Do not detect data types`. அப்புறம் Load. எல்லாப் பத்தியும் எழுத்தாவே வரும், ஒரு பூஜ்யம் கூடப் போகாது. இதுல ஒரு சின்னத் தொல்லை, மேல Column1, Column2னு கூடுதலா ஒரு வரி முளைக்கும். திரும்ப சிஎஸ்வியாச் சேமிக்கறதுக்கு முன்னாடி Table Designல Convert to Range அழுத்திட்டு அந்த வரிய அழிச்சுடுங்க. கைல எதாவது எண்ணத் திருத்தப் போறீங்கன்னா அந்தப் பத்திய முதல்ல Text ஆக்கிக்குங்க, இல்லன்னா நீங்க தொட்ட கட்டத்துல மட்டும் ஊகம் திரும்ப ஆரம்பிச்சுடும்.

கெட்டுப்போன கோப்பு கைக்கு வந்தா பதறாம ஒண்ணு பாருங்க. பேரு இருக்க வேண்டிய இடத்துல `à®®` மாதிரி பிரெஞ்சுக் கிறுக்கல் தெரிஞ்சா கோப்பு உயிரோட தான் இருக்கு. யூடிஎஃப்-8 கோப்ப பழைய அட்டவணை வெச்சுப் படிச்சிருக்கு, அவ்ளோ தான். சேமிக்காம மூடிட்டு, மேல சொன்ன வழியில திறங்க. `??????`னு தெரிஞ்சா, நோட்பேடுலயும் அப்படியே இருந்தா, கோப்புல இருக்கறதே கேள்விக்குறி. எந்த மென்பொருளும் முத்துவத் திரும்பக் கொண்டு வராது. மூலத்தக் கேட்டு வாங்கறத விட வேற வழியில்ல.

இதுக்கெல்லாம் குறுக்கு வழி சொல்றவங்களும் உண்டு. `="000417"`னு எழுதி வெச்சா எக்செல்ல பூஜ்யம் நிக்கும்பாங்க. நிக்கும். ஆனா அந்தக் கோப்ப வேற எந்த நிரல் படிச்சாலும் சமன்குறியோட தான் படிக்கும். ஒருத்தரு கண்ணுக்கு அழகாத் தெரியறதுக்காக ஊருக்கே கெட்ட தரவு குடுக்கற வேலை அது. சிஎஸ்வியே வேணாம்னு சொல்றவங்க கிட்ட மட்டும் எனக்குச் சண்டையில்ல. ரெண்டு பக்கமும் எக்செல்னா தாராளமா `.xlsx` அனுப்புங்க, நல்லது. ஆனா பல இடத்துல சிஎஸ்வி தான் ஏத்த விடுவாங்க, அங்க இந்த ஞானம் உதவாது.

"கணினி அப்படித்தான், நாம தான் அனுசரிச்சுப் போகணும்"னு சொல்றவங்களுக்கு மட்டும் ஒண்ணு. மரபணுக்கள்ல `MARCH1`, `SEPT1`னு பேரு வெச்சதெல்லாம் எக்செல்ல மார்ச் 1, செப்டம்பர் 1னு மாறிப் போச்சு. மரபணுப் பட்டியல எக்செல் கோப்பா இணைச்ச ஆய்வுக் கட்டுரைகள்ல சுமார் அஞ்சுல ஒண்ணுல இந்த மாதிரிப் பிழை இருக்குன்னு 2016ல ஒரு ஆய்வு வந்தது. கடைசியில என்ன பண்ணாங்க? 2020ல மரபணுக்களுக்குப் பேரு வைக்கற குழு, மரபணுவோட பேர மாத்திடுச்சு. `MARCHF1`, `SEPTIN1`. 2023ல தான் எக்செல்லுக்குள்ள Automatic Data Conversionனு ஒரு பகுதி வந்து, பூஜ்யத்தத் தூக்காதே, நீள எண்ணச் சுருக்காதேன்னு சொல்ல வழி கிடைச்சது. File, Options, Dataவுல இருக்கு, போய் டிக்க எடுத்து விடுங்க. ஆனா அதையே நம்பி இருக்காதீங்க. அது உங்க பொட்டிக்கு மட்டும் தான், கோப்ப வாங்கறவரு பொட்டிக்கு இல்ல. தேதிக்கான தேர்வும் `MARCH1` மாதிரி எழுத்தும் எண்ணும் ஒட்டி வர்றதுக்குத் தான். நம்ம `3/12` அதுல அடங்காது.

இந்த ஊகமெல்லாம் தவிர்க்க முடியாததுன்னு நினைக்காதீங்க. லிப்ரே ஆபீஸ் கால்க்ல அதே கோப்ப ரெட்டைச் சொடுக்குல திறந்தா கூட, என்ன எழுத்துமுறை, எந்தப் பத்தி எழுத்து, எந்தப் பத்தி தேதின்னு ஒரு சன்னல் போட்டுக் கேக்கும். சேமிக்கும்போதும் Edit filter settingsல டிக் போட்டா எழுத்துமுறையக் கேக்கும். இலவச மென்பொருள் ஒரு கேள்வி கேட்டுச் செய்யற காரியத்த, காசு வாங்கற மென்பொருள் கேக்காமச் செஞ்சு கெடுக்குது.

மரபணுவுக்கு வாயில்ல, பேர மாத்தினா ஏத்துக்கிச்சு. முத்துவுக்கும் வள்ளிக்கும் வாய் இருக்கு. அவங்க பேரு பள்ளிக்கூடத்துல தமிழ்ல எழுதினது, ரேஷன் கார்டுல தமிழ்ல இருக்கறது. ஆங்கிலத்துல எழுதச் சொன்னா வள்ளி ஒரு பட்டியல்ல Valli, இன்னொண்ணுல Valliy, மூணாவதுல Vally. அப்புறம் மூணு பட்டியலையும் ஒப்பிட்டு "உங்க பேரு பொருந்தலைங்க, திருப்பி விண்ணப்பம் போடுங்க"ன்னு அந்த அம்மாவ அலைய விடுவாங்க. அடுத்த தடவ யாராவது "தமிழ்ல போட்டா எடுக்காது"ன்னு சொன்னா, சண்டை போடாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க எந்த சிஎஸ்வியில சேமிச்சீங்க?"

உங்க கோப்புல வேற மாதிரி எதாவது மாறிப் போயிருந்தா பின்னூட்டத்துல போடுங்க. திரையில தெரிஞ்சது, நோட்பேடுல தெரிஞ்சது, ரெண்டையும் சேத்துப் போட்டா பேச வசதியா இருக்கும்.

டிஸ்கி: நிரல் எழுதறவங்க சிரிக்காதீங்க, பாண்டாஸும் அதே மாதிரி பூஜ்யத்தத் தூக்கற ஆளு தான். `CSV UTF-8` கோப்போட தலையில எக்செல் மூணு பைட் குறி ஒண்ணு வெக்கும், சில நிரல்கள்ல அது முதல் பத்தியோட பேருல ஒட்டிக்கிட்டு வந்து "எண்"ங்கற பத்தியக் காணோம்னு பிழை காட்டும். ரெண்டுக்கும் சேத்து இப்படிப் படிங்க:

```
pd.read_csv("list.csv", dtype=str, encoding="utf-8-sig")
```